பெஸ்ட் எண்டெவர்ஸ், ரீசனபிள் எண்டெவர்ஸ், குட் ஃபெய்த்: தமிழில் என்ன எழுதலாம்?

மல்லிகா, காவேரிப்பட்டினம்

குழுவினருக்கு வணக்கம். எங்கள் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் ஒரு மாங்கூழ் ஆலையோடு ஒப்பந்தம் போடப் போகிறது. ஆங்கில வரைவு வந்துவிட்டது. உறுப்பினர்கள் தமிழில் படித்துப் பார்த்துத்தான் கையெழுத்து என்கிறார்கள். மூன்று இடத்தில் சிக்கிக்கொண்டேன். சீசனில் எங்கள் பெங்களூரா காயை எடுக்க ஆலை பெஸ்ட் எண்டெவர்ஸ் செய்யும். லாரி அனுப்ப ரீசனபிள் எண்டெவர்ஸ் செய்யும். விலை பேசும்போது இரு தரப்பும் குட் ஃபெய்த்தில் நடக்கும்.

முதலாவதற்கு 'சிறந்த முயற்சி' என்று எழுதிக் காட்டினேன். "அப்ப காய் எடுக்கலைன்னா பாராட்டுப் பத்திரம் கொடுக்கணுமா?" என்று கேட்டார் ஒரு பெரியவர். நல்ல சொல் சொல்லுங்கள்.

சண்முகம், கிருஷ்ணகிரி

அம்மா, இதில் சிக்கலே இல்லை. முழுமுயற்சி, இயன்ற முயற்சி, நன்னம்பிக்கை. மொழிபெயர்ப்புப் பிரிவில் இருந்த காலத்தில் இப்படித்தான் எழுதினோம். யாரும் ஆட்சேபித்ததில்லை.

கோகிலா, ஓசூர்

சண்முகம் ஐயா, 'முழுமுயற்சி' எனக்கும் பிடிக்கிறது. 'இயன்ற'தான் இடிக்கிறது. "இயன்றவரை பார்க்கிறேன்" என்று நம் ஊரில் ஒருவர் சொன்னால், வர மாட்டார் என்று அர்த்தம். சொல்லை முடிவு செய்யுமுன், அது நீதிமன்றத்தில் எவ்வளவு பாரம் தாங்க வேண்டும் என்று பார்த்துவிடுவோம்.

நம் 1872 ஒப்பந்தச் சட்டத்தில் இந்த இரண்டு எண்டெவர்ஸுக்கும் விளக்கம் கிடையாது. ஆங்கிலேயத் தீர்ப்புகளைத்தான் எடுத்துக்காட்டுவோம். அவை நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது, ஆனால் வழிகாட்டும். மல்லிகா கேட்டதற்கு மிகவும் பொருந்துவது 2012-ல் வந்த ஜெட்2 வழக்கு. பிளாக்பூல் விமான நிலையமும் ஜெட்2 நிறுவனமும் 2005-ல் 15 ஆண்டு ஒப்பந்தம் போட்டன. ஜெட்2-வின் மலிவுக் கட்டணச் சேவையை வளர்க்க இரு தரப்பும் பெஸ்ட் எண்டெவர்ஸ் செய்யும் என்று ஒரு வரி. நிலையம் திறந்திருக்கும் நேரம் காலை 7 முதல் இரவு 9 வரை. அதற்கு முன்னும் பின்னும் வந்த விமானங்களையும் சில ஆண்டுகள் ஏற்றுக்கொண்டார்கள். 2010-ல் அது கட்டுப்படியாகவில்லை என்று திடீரென நிறுத்தினார்கள். மலிவு விமானம் ஓட்டுபவனுக்கு விடிகாலையும் பின்னிரவும் இல்லாவிட்டால் பிழைப்பே ஓடாது. மேல்முறையீட்டில் இரண்டு நீதிபதிகள், நஷ்டமானாலும் திறந்து வைத்திருக்கத்தான் வேண்டும் என்றார்கள். மூன்றாமவர் மாறுபட்டார்.

ஆக, இந்தச் சொல் சொந்தப் பணம் போனாலும் செய் என்று சொல்லக்கூடியது. அதை ஆலைக்காரரும் படித்த உடனே உணர வேண்டும்.

பிரகாஷ், ஓசூர்

நான் கொள்முதல் பிரிவில் இருக்கிறேன். பெஸ்ட் என்று வந்தாலே அடித்துவிட்டு ரீசனபிள் என்று எழுதிவிடுவோம். பெஸ்ட் என்றால் கம்பெனியை விற்றாவது செய்ய வேண்டும், முடியாவிட்டால் ஒப்பந்த மீறல். ரீசனபிள் என்றால் ஏதாவது ஒரு வழியைப் பார்த்தால் போதும், ஃபைலில் ஒரு மெயில் இருந்தால் தப்பித்துக்கொள்ளலாம். அதனால் 'பெயரளவு முயற்சி' என்றே போடலாம். :)

கோகிலா, ஓசூர்

பாதி சரி, பிரகாஷ் சார். ரீசனபிள் என்றால் ஒரு வழி போதும், பெஸ்ட் என்றால் எல்லா வழியும் என்ற கருத்து 2007-ல் ரோடியா - ஹன்ட்ஸ்மன் தீர்ப்பில் இருக்கிறது. ஆனால் அந்த ஒரு வழியை உருப்படியாகச் செய்திருக்க வேண்டும். அதே தீர்ப்பு இன்னொன்றும் சொல்கிறது: செய்ய வேண்டிய படிகளை ஒப்பந்தமே எழுதி வைத்திருந்தால், ரீசனபிள் என்றிருந்தாலும், தன் லாபம் குறைந்தாலும் அவற்றைச் செய்தாக வேண்டும்.

பெஸ்ட் என்பதும் கம்பெனியை விற்பதல்ல, முடித்தே தருவேன் என்ற உத்தரவாதமும் அல்ல. அந்தக் காரியம் தனக்கே நடக்க வேண்டும் என்று விரும்பும் ஒரு விவேகமான, விடாப்பிடியான ஆள் என்னென்ன செய்வாரோ, அதுதான் அளவு.

இப்போது மாங்காய்க்கு வருவோம். ஜூன் கடைசி, காய் குவிகிறது, மண்டியில் விலை விழுகிறது. ஆலை ஒரு ஷிப்ட்தான் ஓட்டுகிறது. உறுப்பினர் காயை நிறுத்தி வைத்துவிட்டு, வெளிக்காயை மலிவாக வாங்குகிறது. பெஸ்ட் என்று எழுதியிருந்தால், ஆலையின் கொள்முதல் பதிவேடே அதற்கு எதிரான சாட்சி. இரவு ஷிப்ட் ஏன் போடவில்லை என்ற கேள்வியும் வரும். ரீசனபிள் என்றால் ஆலை தன் நட்டத்தையும் தட்டில் வைத்து எடை போடலாம். அப்போதும், உங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் லோடைத் திருப்பி அனுப்பினால் அது நிற்காது.

ரீசனபிளுக்கு ஓர் எல்லையும் உண்டு. 2024-ல் பிரிட்டன் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த எம்.யூ.ஆர். கப்பல் வழக்கில் வாடகையை டாலரில் தர வேண்டும் என்பது ஒப்பந்தம். பொருளாதாரத் தடை குறுக்கே வந்ததும், "யூரோவில் தருகிறோம், மாற்றுச் செலவும் எங்களுடையது" என்றார்கள் வாடகைக்கு எடுத்தவர்கள். கப்பல்காரர் மறுத்தார். தடங்கலைக் கடக்க ரீசனபிள் எண்டெவர்ஸ் செய்ய வேண்டியவர்தான், ஆனாலும் ஒப்பந்தத்தில் இல்லாத ஒன்றை ஏற்கக் கடமையில்லை என்றது நீதிமன்றம். அதேபோல, லாரி ஸ்டிரைக் வந்து நீங்கள் காயை ஆலை வாசலுக்குப் பதில் வேறு ஊரில் இறக்குகிறேன் என்றால், ஆலை வேண்டாம் என்று சொல்லலாம்.

அதனால் இதற்கு 'தக்க முயற்சி' என்பது என் வாக்கு. 'நியாயமான' என்றால் விலை நியாயம், தர்ம நியாயம் எல்லாம் பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

மாதேஷ், தர்மபுரி

குட் ஃபெய்த் பற்றிப் பேச்சு வந்ததால் கேட்கிறேன். பாலக்கோடு பக்கம் ஒரு மனை வாங்கினேன். விற்றவர் பேரில்தான் பட்டா இருந்தது. இப்போது அவர் தங்கை பங்கு கேட்கிறார். நான் நல்லெண்ணத்தில் வாங்கியவன்தானே? இந்த ஒப்பந்தத்தில் வருவதும் அதுதானா?

கோகிலா, ஓசூர்

மாதேஷ் அண்ணா, அது வேறு. சொத்து மாற்றுச் சட்டம் 41-வது பிரிவில் நல்லெண்ணம் மட்டும் போதாது, விற்றவருக்கு உரிமை உண்டா என்று அக்கறையோடு விசாரித்திருக்கவும் வேண்டும். அதோடு, பங்குதாரரான தங்கையின் சம்மதத்தோடுதான் அண்ணன் முழு உரிமையாளர்போல் இருந்தாரா என்ற கேள்வியும் உண்டு. பட்டா மட்டும் பார்த்தீர்களா, மூலப் பத்திரமும் வாரிசுச் சான்றும் பார்த்தீர்களா? பத்திரங்களோடு ஒரு வக்கீலை நேரில் பாருங்கள்.

ஆனால் நல்ல இடத்தைத் தொட்டீர்கள். 1897 பொது விதிகள் சட்டப்படி, கவனக்குறைவாகச் செய்தாலும் நேர்மையாகச் செய்தால் அது குட் ஃபெய்த்தான். குற்றவியல் சட்டத்தில் உரிய கவனம் இல்லாவிட்டால் குட் ஃபெய்த்தே இல்லை. ஒரே சொல், இரண்டு அளவு. 'நன்னம்பிக்கை' என்று எழுதினால் யார் யாரை நம்புவது என்ற குழப்பம் வேறு. வணிக ஒப்பந்தத்துக்கு 'நேர்மையாக' போதும்.

அதைவிட, மல்லிகா, அந்த வரியே எனக்குக் கவலை. குட் ஃபெய்த்தில் பேச்சு நடத்துவோம் என்ற வெறும் வாக்கு செல்லாது என்று 1992-ல் வால்ஃபோர்ட் வழக்கில், பிரிட்டனின் அன்றைய உச்ச நீதிமன்றமான பிரபுக்கள் சபை சொல்லிவிட்டது. பேச்சில் தன் நலனைப் பார்ப்பவர் எந்த நேரமும் எழுந்து போகலாமே. நம் ஒப்பந்தச் சட்டத்தின் 29-வது பிரிவும் நிச்சயமில்லாத ஒப்பந்தம் செல்லாது என்கிறது. விலையை எப்படிக் கணக்கிடுவது என்று எழுதி வாங்குங்கள்.

சண்முகம், கிருஷ்ணகிரி

தக்க முயற்சிக்கு உடன்படுகிறேன். 'நேர்மை'க்கு மாட்டேன். கையூட்டு வாங்காதவரையும் நேர்மையானவர் என்றுதானே சொல்கிறோம்? நல்லெண்ணம் என்பது சட்டத்தமிழில் ஏற்கெனவே புழங்குகிறது, அதை ஏன் விட வேண்டும்?

மல்லிகா, காவேரிப்பட்டினம்

நன்றி. இப்போதைக்கு வரைவில் இப்படி மாற்றியிருக்கிறேன்:

"உறுப்பினர்களின் காயை எடுக்க ஆலை முழுமுயற்சி செய்யும். அதன்படி, உறுப்பினர் காய் நிலுவையில் இருக்கும்வரை வெளிக்காய் வாங்காது. தேவைப்பட்டால் இரவு ஷிப்ட் ஓட்டும். லாரி அனுப்பத் தக்க முயற்சி செய்யும்; அனுப்ப முடியாவிட்டால் முந்தைய நாள் மாலைக்குள் தெரிவிக்கும். அன்றைய விலை, கிருஷ்ணகிரி மண்டியின் முந்தைய மூன்று நாள் சராசரி."

விலைப் பத்தியில் 'நல்லெண்ணம்', 'நேர்மை' இரண்டையும் எடுத்துவிட்டேன். இரவு ஷிப்ட் வரியைப் பார்த்ததும் ஆலைக்காரர், "இது இருந்தால் 'முழு' வேண்டாம், 'தக்க' போடுங்கள்" என்கிறார். ஷிப்ட் வரி இருந்தால் சொல் எதுவானாலும் பரவாயில்லையா, கோகிலா மேடம்?

கோகிலா, ஓசூர்

ஷிப்ட் வரியையும் வெளிக்காய் வரியையும் விடாதீர்கள். எழுதிய படி இருக்கும்வரை 'தக்க' போட்டாலும் பெரிய இழப்பில்லை. எழுதாத ஏதாவது வந்தால்தான் 'முழு' கைகொடுக்கும்.