செப்பு முலாமா, செப்பு வேய்வா? கைந்நூலுக்கு ஒரு சொல் வேண்டும்

மொழிபெயர்ப்பாளர், திருநெல்வேலி

வணக்கம். வலையமைப்பு வடம் பொருத்தப் பழகும் மாணவருக்கான கைந்நூல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. சுவர் முனைக்குப் போகும் நிலையான வடம் 90 மீற்றரைத் தாண்டக்கூடாது என்பதையும், இரு நுனியிலும் செருகும் துண்டு வடங்களுக்கு 10 மீற்றர் சேர்த்து மொத்தம் 100 என்பதையும் எழுதிவிட்டேன். அடுத்தது, மலிவுக் கம்பியைச் சுவருக்குள் பதிக்கவேண்டாம் என்னும் எச்சரிக்கை; அந்த வசனத்தில்தான் நின்றுவிட்டேன். உள்ளே அலுமினியமும் வெளியே செம்புத் தோலும் கொண்ட மலிவுக் கம்பியை, கடைகளில் சீ.சீ.ஏ. என்கிறார்களே, அதைத் தமிழில் எப்படிச் சொல்வது? "செப்பு முலாம் பூசிய அலுமினியம்" என்று எழுதியிருக்கிறேன்.

வடம் பொருத்துபவர், கோண்டாவில்

முலாம் வேண்டாம். இந்தக் கம்பியில் செம்பு பூசப்படுவதில்லை. செப்புத் தகட்டை அலுமினியத் தண்டின்மேல் சுற்றி ஒட்டவைத்து, பிறகு இழுத்து மெல்லியதாக்குகிறார்கள். முலாம் என்றால், அலுமினியத்தின் மேல் செம்பைப் பூசியிருக்கிறது என்று மாணவன் விளங்கிக்கொள்வான்.

சென்ற மாதம் ஒரு தனியார் வகுப்பு நிலையத்தில், கீழ்த்தட்டிலிருந்து மேல்மாடி மூலைக்கு 85 மீற்றர் வடம் சுவருக்குள்ளே போயிருந்தது. நீளம் 90க்குள்தான். 24 வோல்ற்று வழங்கியால் அதே வடத்தின் ஊடாக மின்பெறும் வைஃபை கருவி, மாணவர் நிறைந்தவுடன் அணைந்து அணைந்து எரிந்தது. தொலைநுனியில் ஒரு சோடியின் இரண்டு கம்பிகளையும் முறுக்கி இணைத்துவிட்டு, இங்கே மீற்றரை வைத்தேன். 26 ஓம் காட்டியது. நல்ல செம்பாக இருந்தால் 16 ஓமுக்குள் இருந்திருக்கும். மின்னை இரண்டு சோடிகள் பகிர்ந்து கொண்டுபோவதால் அதில் பாதி, 13 ஓம், கணக்கில் வரும். கருவி அரை அம்பியர் இழுக்கும்போது 6.5 வோல்ற்று வழியிலேயே போய்விடுகிறது. மிஞ்சும் 17.5இல் அந்தக் கருவி நிற்கவில்லை. நுனியைக் கத்தியால் சுரண்டினேன். சிவப்புத் தோலுக்கு அடியில் வெள்ளை தெரிந்தது.

தமிழாசிரியர், வட்டுக்கோட்டை

முலாம் தமிழ்ச் சொல்லே அல்ல, அதை விடலாம். நமக்கு "வேய்தல்" இருக்கிறது. தில்லையம்பலத்துக்குப் பொன் வேய்ந்தவன் என்றே பராந்தகனைச் சொல்கிறோம்; வீட்டுக்குக் கிடுகு வேய்ந்தோம். ஒன்றின்மேல் ஒன்றைப் படியவைத்து மூடுவதற்கு இதைவிடப் பொருத்தமான வினை இல்லை. செம்பு என்னும் மென்றொடர் செப்பு என்று வன்றொடராவது நீங்கள் அறிந்ததே. ஆகவே "செப்புவேய் அலுமினியம்": வேய்ந்த, வேய்கின்ற, வேயும் என முக்காலமும் உள்ளடங்கிய வினைத்தொகை. செப்பு என்பதற்குச் சிமிழ் என்னும் பொருளும் உண்டு. உள்ளே ஒன்றை வைத்து மூடுவது என்ற கருத்தும் தற்செயலாகப் பொருந்திவருவது எனக்கு மகிழ்ச்சி.

மின்னணுவியல் மாணவர், நல்லூர்

சொல் எதுவானாலும், இந்த எச்சரிக்கையே மிகையில்லையா? உயர் அதிர்வெண் சைகை கம்பியின் தோலில்தான் ஓடும். தோல் செம்பு என்றால், உள்ளே என்ன இருந்தால் என்ன?

ஓய்வுபெற்ற ஆசிரியை, சாவகச்சேரி

மின்கம்பத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வருவது அலுமினியக் கம்பிதான். இருபது வருடமாக ஒன்றும் ஆகவில்லையே?

வடம் பொருத்துபவர், கோண்டாவில்

அம்மா, கம்பத்துக் கம்பி தடித்தது. அலுமினியத்தின் கூடுதல் தடையை அந்தத் தடிமன் ஈடுசெய்கிறது. நமது கம்பி அரை மில்லிமீற்றர்தான்.

தம்பி சொல்வதில் பாதி சரி. 100 மெகாஹேர்ட்சில் மின்னோட்டம் ஏறத்தாழ 7 மைக்ரோமீற்றர் ஆழத்துக்குள் அடங்கும், அது செம்புக்குள்தான். ஆனால் கருவிக்குப் போகும் நேரோட்டம் கம்பியின் முழுத் தடிமனையும் பாவிக்கிறது. சைகையின் தாழ்ந்த பகுதியும் ஆழமாக இறங்குகிறது. 90 என்ற எண்ணே செம்புக் கம்பியை நம்பி வகுத்தது. பத்து மீற்றர் வடத்தில் இந்தக் கம்பி குறை காட்டாமல் ஓடும். அதனால்தான் கடைக்காரர் சோதித்துக் காட்டும்போது எல்லாம் சரியாக இருக்கிறது. முனையில் அழுத்திப் பொருத்தும் கத்தி தோலை வெட்டினால், உள்ளிருக்கும் அலுமினியத்தில் ஒக்சைட்டுப் படலம் உண்டாகும். சில மாதங்களில் தொடுப்புக் கெடலாம். சுவருக்குள் பதித்த பிறகு அதை யார் தேடுவது?

சொல்லைப் பற்றி: "வேய்" என்றால் என் பொடியன்கள் மூங்கில் என்பார்கள், அல்லது ஒன்றும் விளங்காமல் நிற்பார்கள். "செப்புத்தோல் அலுமினியம்" என்றால் சுரண்டிப் பார்க்கவே தோன்றும்.

தமிழாசிரியர், வட்டுக்கோட்டை

தோல் உயிருள்ளவற்றுக்கு உரியது. விளங்காத சொல்லைப் பாவித்தால்தானே விளங்கும்? வடம் என்ற சொல்லை ஒருகாலத்தில் தேரிழுக்க மட்டுமே அறிந்திருந்தோம்; இன்று மாணவன் அதைத் தயங்காமல் எழுதுகிறான்.

மொழிபெயர்ப்பாளர், திருநெல்வேலி

வாழைப்பழத்துக்கும் தோல் உண்டு, ஐயா. ஆனால் அதை உரிக்கலாம், இதை உரிக்க முடியாது. அதனால் எனக்கும் சிறு தயக்கம். "செப்புப் போர்த்திய அலுமினியம்" என்று எழுதி, சுரண்டிப் பார்க்கும் முறையையும் 26, 16 ஓம் கணக்கையும் அடுத்த பத்தியில் சேர்க்கிறேன். மூவர் இதற்குச் சரி என்றிருக்கிறார்கள்.

தமிழாசிரியர், வட்டுக்கோட்டை

அச்சுக்குப் போகட்டும். போர்வையைக் கழற்றலாம், வேய்ந்ததைக் கழற்ற முடியாது என்பதை மட்டும் பதிந்துவைக்கிறேன். இரண்டாம் பதிப்பில் இதை மீண்டும் கேட்பேன்.