எச்சரிக்கைக் கடிதத்தின் கடைசிப் பத்தி: உதவி தேவை

கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலை. மனிதவளப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த தங்கை தன் முதல் எச்சரிக்கைக் கடிதத்தை எழுதியிருக்கிறாள். கடைசிப் பத்தியில் சிக்கிக்கொண்டோம்.

விவரம்: இலை வாட்டும் பிரிவில் மூத்த தொழிலாளர், ஷிப்ட் காலை 6 மணி. ஜூலை 3, 9, 16 தேதிகளில் 25 முதல் 40 நிமிடம் தாமதம். ஏற்கெனவே வாய்மொழியாகச் சொல்லியாயிற்று. எழுத்தில் விளக்கமும் வாங்கியாயிற்று: மழையில் முதல் பஸ் வருவதில்லை என்கிறார். 16ஆம் தேதி பஸ் ஓடியிருக்கிறது.

முதல் வரைவில் "பொறுப்பற்ற முறையில்", "தொடர்ந்து அலட்சியமாக" என்று இருந்தது. தொழிலாளர் நீதிமன்றம் வரை போனால் அலட்சியத்தை யார் நிரூபிப்பது? அவற்றை நீக்கி, வருகைப் பதிவேட்டின் நேரங்களை மட்டும் வைத்தோம். அவருடைய விளக்கத்தையும், எந்த நாளுக்கு அது பொருந்தவில்லை என்பதையும் ஒரே பத்தியில் சேர்த்தோம். கடிதம் பாதியாகச் சுருங்கியது, ஆனால் கனம் கூடிவிட்டது.

முடிவில் "மறுபடி தாமதித்தால் வேலைநீக்கம்" என்றிருந்தது. விசாரணைக்கு முன்பே தண்டனையை முடிவுசெய்துவிட்டதாக ஆகும் என்பதால் எடுத்துவிட்டோம். "இனி கவனமாக இருக்கவும், அண்ணா" என்று மாற்றிப் பார்த்தாள்; அது வீட்டுப் பேச்சு, கோப்பில் நிற்காது. "நிலையாணைகளின்படி ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்படலாம்" என்றால் அவருக்கே புரியாது. படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டிய கடிதம் இது.

மிரட்டலாகவும் இல்லாமல், கெஞ்சலாகவும் இல்லாமல், அடுத்த விளைவை அவருக்குப் புரியும்படி சொல்ல நீங்கள் எந்த வாக்கியத்தைப் பயன்படுத்துகிறீர்கள்?