புதுக் கறுப்புப் பூச்சுக்கு அடியில்: டர்பனில் பழைய கார் பார்த்தவர்களின் அனுபவங்கள்

மகேஸ்வரி, சாட்ஸ்வர்த்

அடிப்பாகம் முழுவதும் புதிதாகக் கறுப்புப் பூச்சு அடித்த கார் விற்பனைக்கு வந்தால் இரண்டு மடங்கு கவனமாக இருங்கள். என் அக்கா மகனுக்காகப் போன மாதம் ஒரு கார் பார்த்தோம். பத்து வயதான சின்ன கார். அமன்சிம்டோட்டியில் கடலைப் பார்த்த அடுக்குமாடி ஒன்றின் வாசலில், கூரையில்லாத இடத்தில் நின்றே வளர்ந்தது. பெயிண்ட் பளபளத்தது, என்ஜின் சத்தமில்லாமல் ஓடியது. விற்பவர் தாமாகவே, "அடியில் துரு வராமல் இருக்கப் பூச்சு அடித்திருக்கிறேன்" என்றார். பையனுக்கு அப்போதே பணத்தைக் கொடுத்துவிட வேண்டும் என்ற அவசரம்.

எங்களுக்குத் தெரிந்த ஒர்க்‌ஷாப்பில் லிஃப்டில் ஏற்றினோம். மெக்கானிக் முதலில் துருவைத் தேடவில்லை, பூச்சு எங்கெல்லாம் பட்டிருக்கிறது என்றுதான் பார்த்தார். புகைக்குழாயைத் தாங்கும் ரப்பர் வளையம் கறுப்பு. பிரேக் குழாயைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கிளிப் கறுப்பு. போல்ட் தலைகளும் கறுப்பு. கம்பெனியில் அடித்த பூச்சு அந்த இடங்களில் இருக்காது. பெருவிரலால் அழுத்தினால் இன்னும் மெத்தென்று அமுங்கியது. அடித்து அதிக நாள் ஆகவில்லை.

பிறகு கதவுகளுக்குக் கீழே நீளமாக ஓடும் சில் பகுதிக்கு வந்தார். அதன் அடியில் இரண்டு தகடுகள் சேரும் மடிப்பில்தான் ஜாக் வைப்போம். முன்பக்கம் மடிப்பு நேராக, மெல்லியதாக இருந்தது. பின் சக்கரத்தை நெருங்க நெருங்கத் தடித்து, அலை அலையாக வளைந்திருந்தது. ஸ்க்ரூடிரைவரின் பிடியால் முன்னாலிருந்து பின்னால் தட்டிக்கொண்டே போனார். டங், டங் என்று வந்த சத்தம் பின் ஜாக் இடத்தில் தொப் என்று ஆனது. அந்த இடத்தில் கொஞ்சம் சுரண்டிப் பார்க்கலாமா என்று கேட்டோம். விற்பவர் முடியாது என்றார்.

காருக்குள் பின்கதவுப் படியின் பிளாஸ்டிக்கைத் தூக்கி, கார்ப்பெட்டின் மூலையை மடக்கிப் பார்க்க மட்டும் விட்டார். தரைத் தகட்டின் ஓரம் செதில் செதிலாக உதிர்ந்தது. ஈர நாற்றம் மூக்கில் ஏறியது. நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டோம்.

இதுபோலப் பூசி மெழுகிய கார்களை நீங்கள் எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? எழுதுங்கள், பையன் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறான்.

ரவி, ஃபீனிக்ஸ்

அக்கா, இதற்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்? பெயர் மாற்ற ரோட்வொர்த்தி சான்றிதழ் கட்டாயம். சோதனை நிலையத்தில் அடியில் பார்த்துத்தான் கொடுக்கிறார்கள். சான்றிதழ் கையில் இருந்தால் துரு இல்லை என்றுதானே அர்த்தம்?

பாலா, மெரிபேங்க்

முப்பது ஆண்டுகளுக்கு மேல் பேனல் பீட்டர் வேலை செய்தவன் எழுதுகிறேன். ரவி தம்பி சொல்வதில் பாதி சரி. அடியில் பார்ப்பார்கள், ஓட்டை கண்ணில் பட்டால் நிராகரிப்பார்கள். ஆனால் பூச்சைச் சுரண்டுவதோ கார்ப்பெட்டைக் கழற்றுவதோ அவர்கள் வேலை அல்ல. அன்றைக்குக் கண்ணுக்குத் தெரிந்ததற்குத்தான் அந்தச் சான்றிதழ். பல இடங்களில் அந்தக் கறுப்புப் பூச்சை அடிப்பதே அந்த ஒரு நாளைக்காகத்தான்.

மகேஸ்வரி தங்கச்சியின் மெக்கானிக் சரியான இடத்தைத் தட்டியிருக்கிறார். சில் என்பது மூடிய பெட்டி. துரு அதன் உள்ளே பிறந்து வெளியே வருகிறது. நம் ஊரில் மழை இல்லாத நாளிலும் கார் உள்ளுக்குள் ஈரமாகத்தான் இருக்கும். காற்றில் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால் சமையல் உப்பே தானாக நீர் விடும். கடல் உப்பில் கலந்திருக்கும் மற்ற உப்புகள் அதற்கும் வெகு முன்பே ஈரத்தை இழுக்கும். டர்பனின் கோடை இரவுகளில் அந்த அளவைத் தாண்டுவது சர்வ சாதாரணம். கூரைமேல் படிந்த உப்பை மழை கழுவிவிடும். சில்லுக்குள்ளும் சக்கர வளைவின் உள் விளிம்பிலும் படிந்ததைக் கழுவ யாரும் இல்லை.

உள்ளே சேரும் தண்ணீர் வடிவதற்காக சில்லின் அடி மடிப்பில் சுண்டுவிரல் நுனி அளவுக்குச் சிறு துளைகள் வைத்திருப்பார்கள். கார் பார்க்கப் போகும்போது ஒரு மெல்லிய கம்பியைப் பையில் போட்டுக்கொண்டு போவேன். துளைக்குள் விட்டு எடுத்தால், நல்ல காரில் கம்பி காய்ந்தோ கொஞ்சம் தூசியோடோ வரும். கெட்ட காரில் காப்பிப்பொடி நிறத்தில் ஈரச் சேறும் துருத் துகள்களும் ஒட்டிக்கொண்டு வரும். துளையே காணோம், கறுப்புப் பூச்சு அதையும் அடைத்துவிட்டது என்றால் நிலைமை இன்னும் மோசம். பூச்சு அடித்தவர் துருவை மறைத்ததோடு நிற்கவில்லை, தண்ணீரையும் உள்ளே பூட்டிவிட்டார். அந்த சில் அடுத்த கோடைக்குள் வேகமாக அழுகும்.

ஆனால் சிவப்பாகத் தெரிந்ததற்கெல்லாம் பயந்து ஓடாதீர்கள். புகைக்குழாய், அச்சு, போல்ட் தலைகள் எல்லாம் இங்கே சிவந்துதான் இருக்கும். கம்பித் தூரிகையால் தேய்த்தால் கீழே கெட்டியான இரும்பு தெரிகிறது என்றால் அது மேல்துரு. நகத்தால் பெயர்த்தால் ஏடு ஏடாக உரிந்து, அடியில் குழி விழுந்திருந்தால்தான் கவலை. அதுவும் எங்கே என்று பாருங்கள். ஜாக் வைக்கும் இடம், பின் ஷாக் அப்சார்பரின் மேல் முனை உடலோடு சேரும் இடம், சீட் பெல்ட் மாட்டும் இடம் ஆகிய மூன்றில் ஏடு உரிந்தால் நான் விலை பேசவே மாட்டேன். பிரேக் குழாயில் கிளிப்புக்கு அடியில் குழி விழுந்திருந்தால் குழாயை மாற்றிவிடலாம். அதை விலையில் கழித்துக்கொள்ளுங்கள், ஆனால் மாற்றாமல் ஓட்டாதீர்கள்.

சாந்தி, டோங்காட்

என் காரில் பின் சக்கரத்துக்கு மேலே பெயிண்டில் பட்டாணி அளவுக்கு ஒரு கொப்புளம் வந்திருக்கிறது. கடையில் விற்கும் சின்ன தொடுப்புப் பெயிண்ட் பாட்டில் போதுமா? வெள்ளை நிறத்தில் எது நன்றாகப் பொருந்தும்?

பாலா, மெரிபேங்க்

அம்மா, நிறத்தைப் பற்றி அப்புறம் யோசிப்போம். சக்கர வளைவில் கல் பட்டு வந்த கீறல் என்றால் தேய்த்து, ப்ரைமர் வைத்து, தொடுப்புப் பெயிண்ட் அடிக்கலாம். கொப்புளம் என்றால் பெரும்பாலும் பின்னாலிருந்து வந்திருக்கிறது. சக்கரத்தைக் கழற்றி வளைவின் உள் விளிம்பில் விரலை ஓட்டிப் பாருங்கள். அங்கே மண் அப்பியிருக்கும். அதைக் கழுவிய பிறகு விளிம்பு சொரசொரப்பாகக் கரைந்திருந்தால் அந்தத் துண்டை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். மேலே பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்தால் சில மாதங்களில் அதே இடத்தில் இன்னும் பெரிதாக வரும்.

வாங்குகிறவர்களுக்கும் இதையே சொல்கிறேன். குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டும் காந்தத்தை ஒரு துணியில் சுற்றி வளைவு முழுவதும் நகர்த்துங்கள். ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு, மறுபக்கம் அதே இடத்தில் நழுவினால் அங்கே தடிமனாக பட்டி இருக்கிறது.

குமரன், இசிபிங்கோ

2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு நான் வாங்கிய கார் வேறு விதம். அடிப்பாகம் சுத்தம், தட்டினால் எங்கும் டங் டங்தான். இரண்டு மாதத்தில் முன் சீட்டை நகர்த்த முடியவில்லை. சீட்டைக் கழற்றிப் பார்த்தால் தண்டவாளம் முழுக்கத் துரு. ஸ்டியரிங்குக்குக் கீழே டாஷ்போர்டைத் தாங்கும் இரும்புப் பட்டையிலும் அதே உயரத்துக்குத் துரு. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தபோது உள்ளே இருந்த பகுதியில் சேற்றுக் கோடு தெரிந்தது. உப்புக்காற்று சீட்டுத் தண்டவாளத்தை இவ்வளவு சீக்கிரம் தின்னாது, இது தண்ணீரில் நின்ற வண்டி என்று மெக்கானிக் பார்த்தவுடன் சொல்லிவிட்டார். அடியில் மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள், பெல்ட்டையும் முழுவதும் இழுத்துப் பாருங்கள்.

திருப்பிக் கொடுக்கலாம் என்று போனபோது விற்பனையகத்தில், ஃபூட்ஸ்டூட்ஸ் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள், உள்ளது உள்ளபடிதான் என்று அனுப்பிவிட்டார்கள். அதோடு விட்டுவிட்டேன்.

மகேஸ்வரி, சாட்ஸ்வர்த்

குமரன், கேட்கவே வயிறு எரிகிறது. 2008 ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கார் விற்பதையே தொழிலாகச் செய்கிறவரிடம் வாங்கியிருந்தால் ஆறு மாதத்துக்குள் குறையுள்ள காரைத் திருப்பிக் கொடுக்கவோ, பழுது பார்த்துத் தரச் சொல்லவோ, பணத்தைக் கேட்கவோ உரிமை உண்டு. அந்த ஒரு சொல்லைக் காட்டி அவர்கள் அதைத் தட்டிக்கழிக்க முடியாது. ஆனால் "இந்த இடத்தில் துரு இருக்கிறது" என்று குறிப்பாக எழுதிக் காட்டி, நீங்களும் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டிருந்தால் அந்தக் குறைக்குக் கேட்க முடியாது. அதனால் கையெழுத்துக்கு முன் ஒவ்வொரு வரியையும் படியுங்கள். நாங்கள் பார்த்த காரைப் போலத் தனி ஆள் விற்றால் இந்தச் சட்டம் துணைக்கு வராது. லிஃப்டுக்குக் கொடுக்கும் பணம் அங்கேதான் அதிகம் பயன்படுகிறது.

செல்வம், பிளஃப்

கறுப்புப் பூச்சு என்றாலே திருட்டுத்தனம் என்று பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை. என் பக்கி பிக்அப் வண்டி எப்போதும் கடலுக்கு மேலே உள்ள தெருவில்தான் நிற்கிறது. ஆண்டுதோறும் அடியைக் கழுவி, காய வைத்து, துருவைத் தேய்த்து நானே பூச்சு அடிக்கிறேன். இப்போது விற்கலாம் என்று பார்த்தால் வருகிறவர்கள் எல்லாரும் அடியில் எட்டிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளிக்கிறார்கள். பராமரித்தவனுக்குத் தண்டனையா?

ஜோஹானஸ்பர்க் கார் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குகிறார்கள். இங்கே வளர்ந்த வண்டியை அங்கே பதிவு செய்தால் ஜிபி எண் வந்துவிடும். எண் பலகையைப் பார்த்து என்ன தெரியும்? சர்வீஸ் புத்தகத்தில் எந்த ஊர் முத்திரை இருக்கிறது என்று பாருங்கள்.

பாலா, மெரிபேங்க்

செல்வம் தம்பி சொல்வது நியாயம். ஒழுங்காகச் செய்தவரின் பூச்சு பார்த்தாலே தெரியும். துளைகள் திறந்திருக்கும், ரப்பரில் பட்டிருக்காது, தட்டினால் முழு நீளத்துக்கும் ஒரே சத்தம் வரும். பூச்சு அடிப்பதற்கு முன்னும் பின்னும் போட்டோ எடுத்து வைத்திருந்தால் வாங்குகிறவருக்குக் காட்டுங்கள். இல்லையென்றால் பின் ஜாக் இடத்தில் ஒரு கட்டைவிரல் அகலத்துக்குச் சுரண்டிக் காட்டத் தயாராக இருங்கள். சுரண்டிய இடத்தை அப்போதே மறுபடி பூசிவிடலாம்.

என் விருப்பம் என்னவோ ஒளி ஊடுருவும் மெழுகுப் பூச்சுதான். அடியில் இருக்கும் தகடு தெரியும், சில்லுக்குள்ளும் குழாய் விட்டு அடிக்கலாம்.

செல்வம், பிளஃப்

மெழுகு அடித்துப் பார்த்தேன் அண்ணா. பிளஃப்பின் மணலும் காற்றும் சக்கர வளைவில் அதை ஒரு கோடையில் உரித்துவிட்டன. பழைய என்ஜின் ஆயில் அடிக்கும் நண்பர் ஒருவர் இருக்கிறார். அவர் வண்டியில் துரு குறைவுதான், ஆனால் சஸ்பென்ஷன் ரப்பர்கள் ஊதிப்போய்விட்டன. சில்லுக்குள் மெழுகும் வெளியே கறுப்புப் பூச்சும் சேர்த்து அடித்து, சில ஆண்டுகள் கழித்து உள்ளே திறந்து பார்த்தவர்கள் யாராவது இங்கே இருக்கிறீர்களா?