பாலைப்பழமும் சோடாவும் வைத்தால் குளவி வருகிறது: குளக்கரைச் சாப்பாட்டுக்கு என்ன வழி?

குளக்கட்டு: ஞாயிறு இரணைமடுக் குளக்கரையில் குடும்பமாகச் சமைத்துச் சாப்பிடப் போகிறோம். போன முறை பாலைப்பழக் கடகத்தையும் சோடாவையும் குளவிகள் மொய்த்தன. பிள்ளைகள் கொட்டு வாங்காமல் சாப்பிட என்ன செய்யலாம்?

ஒட்டுசுட்டான் தம்பி: சுலபமான வழி இருக்கிறது அண்ணா. நசுங்கிய பழத்தையும் மீன் குடலையும் ஒரு தட்டில் போட்டு இருபது அடி தள்ளி வையுங்கள். எல்லாம் அங்கே போய்விடும்.

தேன்வேட்டை: புகை போடுங்கள். என் தகப்பனார் காட்டில் கொம்புத்தேன் எடுத்தவர். பச்சை இலைப் புகைக்கு முன் எதுவும் நிற்காது.

தாதி அக்கா: ஐயா, நீங்கள் சொல்வது தேனீயும் அதன் கூடும். இங்கே பிரச்சினை சாப்பாட்டைத் தேடித் தனியாக வரும் குளவி. புகை அதைச் சற்று நேரம் விலக்கலாம், ஆனால் பிள்ளைகளின் கண்ணும் எரியும்.

தம்பி சொன்னதில் பாதி சரி. முதலில் வரும் குளவியைக் கவனித்திருக்கிறீர்களா? இறைச்சியில் ஒரு துணுக்கை வெட்டி எடுத்துக்கொண்டு உடனே போய்விடாது. தட்டின் பக்கம் முகத்தைத் திருப்பி, இடமும் வலமும் ஆடி ஆடிப் பறந்து இடத்தை மனதில் பதித்துக்கொண்டுதான் போகும். இறைச்சி கூட்டிலுள்ள புழுக்களுக்கு, இனிப்பு தனக்கு. சற்று நேரத்தில் அதே இடத்துக்குத் திரும்பிவிடும். அதனால் சாப்பாட்டைத் திறந்த பிறகு வைக்கும் தட்டால் பயனில்லை. உங்கள் பாய் ஏற்கெனவே அதற்குத் தெரிந்த இடமாகிவிட்டது. வைப்பதென்றால் போய் இறங்கியவுடன், எதையும் திறக்கும் முன் வைக்க வேண்டும்.

ஒட்டுசுட்டான் தம்பி: அப்படியென்றால் வைப்பது நல்லதுதானே?

தாதி அக்கா: நான் வைக்கமாட்டேன். அருகில் கூடு இருந்தால், நம்மைக் கண்டுகொள்ளாத குளவிகளையும் நாமே அழைத்ததாகிவிடும். பாய் விரிக்கும் முன் மரக்கிளைகளை நிமிர்ந்து பாருங்கள். சாம்பல் அல்லது பழுப்பு நிறத்தில் காகிதப் பந்துபோல ஒன்று தொங்கினால், அல்லது வயிற்றில் மஞ்சள் பட்டியுள்ள பெரிய கருங்குளவிகள் ஒரே திசையில் போய் வந்தால், வேறு இடம் பாருங்கள். அங்கே ஒன்றை அடித்து நசுக்கினாலும் அதன் நஞ்சின் வாடை மற்றவற்றை அழைத்துவிடும்.

ஒட்டுசுட்டான் தம்பி: நாங்கள் வைத்தபோது வேலை செய்தது அக்கா. கூடு இல்லாத இடத்தில் வைப்பதில் தவறில்லை என்றே இன்னும் நினைக்கிறேன்.

குளக்கட்டு: பழத்தையும் சோடாவையும் என்ன செய்வது?

தாதி அக்கா: நான் அதிகம் பயப்படுவது சோடாவுக்குத்தான். ரின்னுக்குள்ளும் நிறப் போத்தலுக்குள்ளும் குளவி இறங்கியிருந்தால் வெளியே தெரியாது. பிள்ளை வாயில் வைத்து உறிஞ்சும்போது நாக்கிலோ தொண்டையிலோ கொட்டிவிடும். கையில் கொட்டினால் வீக்கம் வலியோடு போகலாம், தொண்டை வீங்கினால் மூச்சுவழி அடைபடும். ரின் வேண்டாம். பெரிய போத்தலைக் கொண்டுபோய், நிறமற்ற கிளாசில் கொஞ்சமாக ஊற்றி, கண்ணால் பார்த்துவிட்டுக் குடிக்கக் கொடுங்கள். ஊற்றியவுடன் மூடியைத் திருகுங்கள்.

பாலைப்பழத்தைக் கடகத்தில் திறந்து வைக்காமல் மூடியுள்ள டப்பாவில் கொண்டுபோய், சோறு, கறி முடிந்து சட்டிகளை மூடிய பிறகு கடைசியாக எடுங்கள். அதன் பாலும் சாறும் பிள்ளைகளின் உதட்டில் பிசுபிசுவென்று ஒட்டும், குளவி அங்கேயே வந்து உட்காரும். சாப்பிட்டவுடன் வாயையும் கையையும் கழுவிவிடுங்கள். கொட்டை, எலும்பு, மீன் செதில் எல்லாவற்றையும் பையில் போட்டு இறுகக் கட்டுங்கள். குளவி வந்து உட்கார்ந்தால் கையால் வீசாமல் அசையாமல் இருக்கச் சொல்லுங்கள். சாப்பாடு தேடி வரும் குளவி பெரும்பாலும் அழுத்தினாலோ அடித்தாலோதான் கொட்டும்.

தேன்வேட்டை: கொட்டினால் சுண்ணாம்பு பூசினால் போதும்.

தாதி அக்கா: சுண்ணாம்பு தோலைப் புண்ணாக்கும், ஐயா. சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவி, துணியில் சுற்றிய ஐஸ் வையுங்கள். தேனீ கொடுக்கைத் தோலில் விட்டுப் போகும், குளவி விடுவதில்லை, அதனால் கொட்டிய இடத்தைக் கிள்ளித் தேட வேண்டாம்.

உடம்பெங்கும் தடிப்பு, வாந்தி, தலைச்சுற்றல், மூச்சிறைப்பு, குரல் மாற்றம் ஆகியவற்றில் ஏதாவது வந்தால், அல்லது வாய்க்குள்ளே கொட்டியிருந்தால், 1990 அம்புலன்ஸை அழையுங்கள். தலை சுற்றினால் படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள், மூச்சுத் திணறினால் சாய்த்து உட்காரவையுங்கள். அலர்ஜி மாத்திரை தோல் அரிப்புக்கு உதவும், அந்த நிலையில் உயிரைக் காப்பது தொடையில் போடும் அட்ரினலின் ஊசி. பல குளவிகள் கொட்டியிருந்தால், ஆள் நன்றாக இருப்பதாகத் தோன்றினாலும் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். அடுத்த நாட்களில் சிறுநீர் கறுத்தால் சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருக்கலாம்.

குளக்கட்டு: நன்றி அக்கா. ரின்களை விட்டுவிடுகிறோம். தம்பியின் தட்டைப் பற்றி அண்ணன்மார் இன்னும் வாதாடுகிறார்கள். போய் மரங்களைப் பார்த்த பிறகு முடிவெடுப்போம்.