ஹீமோலைஸ் ஆன மாதிரிக்கு வாட்டுக்குப் படிவம் அனுப்பலாமா?

கோப்பாய் லாப்
ஹீமோலைஸ் ஆகி, அதாவது செங்கலம் உடைந்து சீரம் சிவந்த மாதிரியோ பெயர் மாறிய போத்தலோ வந்தால், வாட்டு, திகதி, காரணம், இரத்தம் எடுத்தவர் பெயர் எல்லாம் எழுதி வாட்டுக்குத் திருப்பி அனுப்ப ஒரு படிவம் அடித்திருக்கிறேன். இரண்டு வாட்டுப் பொறுப்புத் தாதியர் கோபத்தில் இருக்கிறார்கள். தொடரலாமா, நிறுத்தலாமா?

இரவுப்பணி மிஸ்
நிறுத்துங்கள். இரவில் நாற்பது நோயாளிக்கு இரண்டு பேர் நிற்கிறோம். அட்மிஷன் இரத்தம் எடுப்பது பெரும்பாலும் எச்.ஓ. டொக்டர். போத்தலைக் கொண்டு ஓடுவது சிற்றூழியர். படிவம் மட்டும் பொறுப்பு மிஸ்ஸின் மேசையில் வந்து விழுகிறது.

போன மாதம் எனக்கு வந்த தாளில் "ஹீமோலைஸ், திரும்ப அனுப்பவும்" என்று மட்டும் இருந்தது. விடிய 5 மணிக்கு எடுத்த இரத்தம், தாள் வந்தது 11 மணிக்கு. அந்த ஆச்சிக்குத் திரும்பவும் குத்தினேன், முதல் தரம் குத்திய மாதிரியே குத்தினேன். எதை மாற்றவேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லையே.

பழைய எம்.எல்.ரி
மிஸ் சொன்ன கடைசி வரியில்தான் விசயம் இருக்கிறது. நான் வேலை செய்த இடத்தில் ஒரு வாட்டிலிருந்து மட்டும் சீரம் அடிக்கடி சிவப்பாக வந்தது. கடிதம் எழுதி ஒன்றும் நடக்கவில்லை. ஒருநாள் காலை நானே போய் அந்த வாட்டில் நின்றேன்.

கனுலா போட்ட கையோடு அதிலேயே 10 மில்லி சிரிஞ்சைப் பொருத்தி, பிஸ்டனைக் கடைசிவரை இழுக்கிறார்கள். இரத்தம் நுரைத்துக்கொண்டு வருகிறது. அப்புறம் சிரிஞ்சில் ஊசியை மாட்டி, போத்தலின் இறப்பர் மூடியில் குத்தி, பெருவிரலால் அழுத்துகிறார்கள். செங்கலம் மெல்லிய கனுலாவுக்குள்ளால் இழுபட்டு ஒருதரம் உடைகிறது, ஊசித் துளைக்குள்ளால் தள்ளுப்பட்டு இன்னொருதரம் உடைகிறது. எடுத்த பிள்ளை நல்ல கைகாரி. ஒரே குத்தில் நரம்பு பிடித்தாள். பிழை கையில் இல்லை, முறையில்.

மாற்றியது இவ்வளவுதான்: வேறு நரம்பில் நேரடியாகக் குத்துவது, 5 மில்லி சிரிஞ்சை மெதுவாக இழுப்பது, ஊசியைக் கழற்றி கூர்ப்பெட்டிக்குள் போட்டுவிட்டு மூடியைத் திறந்து போத்தல் சுவரோடு இரத்தத்தை வழியவிடுவது. ஸ்பிரிட் காய்ந்த பிறகு குத்தவேண்டும், கட்டு ஒரு நிமிடத்துக்குமேல் இருக்கக்கூடாது.

ஆகவே தம்பி, பெயர் கேட்கும் கட்டத்தை வெட்டிவிட்டு அந்த இடத்தில் மூன்று கேள்வி போடு. நரம்பா கனுலாவா? எத்தனை மில்லி சிரிஞ்ச்? ஊசியோடு தள்ளியதா, மூடி திறந்து ஊற்றியதா? இரண்டு கிழமைத் தாளைச் சேர்த்துப் பார்த்தால் காரணம் தானாகத் தெரியும்.

சாவகச்சேரி மகன்
இடையில் கேட்பதற்கு மன்னிக்கவேணும். அப்பாவுக்கு மூன்று தரம் இரத்தம் எடுத்தார்கள். "இரத்தம் உடைஞ்சு போச்சு" என்றார்கள். இது இரத்தப் புற்றுநோயின் அறிகுறியா? வீட்டில் ஒருவருக்கும் நித்திரை இல்லை.

இரவுப்பணி மிஸ்
இல்லைத் தம்பி. அநேகமாக உடைவது எடுக்கும்போதோ கொண்டுபோகும்போதோதான். நாளைக்கு வாட்டு டொக்டரிடம் "திரும்ப எடுத்தது சரியாக வந்ததா" என்று மட்டும் கேளுங்கள்.

டொக்டர் (மெடிக்கல்)
லாப் மாதிரியை நிராகரிப்பதை நான் ஏற்கவில்லை. அவசர நோயாளி கிடக்கும்போது தாள் எழுதிக்கொண்டிருக்காமல் ரிசல்ட்டைத் தாருங்கள். ஹீமோலைஸ் ஆனால் பொற்றாசியம் கூடும் என்று எங்களுக்கும் தெரியும். சிவப்பைப் பார்த்து அளவாகக் கழித்துக்கொள்வோம்.

பழைய எம்.எல்.ரி
உடனே சொல்லவேண்டும் என்பது சரி, அதற்குத் தாள் வேண்டாம், போன் போதும். கழிப்பதுதான் ஆபத்து, டொக்டர்.

வயிற்றோட்டத்தோடு வந்த ஒரு ஐயாவுக்கு பொற்றாசியம் 6.4, சீரம் நல்ல சிவப்பு. வாட்டில் கல்சியம் குளுக்கோனேற்றும் இன்சுலினும் ஆயத்தம். ஈசிஜியில் பொற்றாசியம் கூடியதற்கான மாற்றம் எதுவும் இல்லை. நான் போன் எடுத்து, கனுலா இல்லாத கையில் திரும்ப எடுக்கச் சொன்னேன். வந்தது 2.9. முதல் மாதிரியில் "கொஞ்சம்" கழித்திருந்தால் 5 என்று எடுத்து, எல்லாம் சரி என்று விட்டிருப்பார்கள். இன்சுலின் ஏறியிருந்தால் 2.9 இன்னும் இறங்கியிருக்கும். எத்தனை செங்கலம் உடைந்தது, ஒவ்வொன்றிலும் எவ்வளவு இருந்தது என்று நிறத்தைப் பார்த்துச் சொல்லமுடியாது.

சோடியம், கிரியேற்றினின் போன்றவை இலேசான சிவப்புக்கு அவ்வளவு ஆடாது. அவற்றைக் குறிப்போடு தரலாம். பொற்றாசியம், எல்டிஎச், ஏஎஸ்ரி மூன்றையும் நான் தரமாட்டேன்.

டொக்டர் (மெடிக்கல்)
அந்தக் கேஸில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் உங்கள் படிவத்திலும் ஒரு ஓட்டை இருக்கிறது. கண்ணாடி விரியன் கடித்து வந்த ஒரு கமக்காரனுக்கு மூன்று மாதிரியும் சிவப்பு. மூன்று தரமும் "சரியாக எடுத்து அனுப்பவும்" என்று தாள் வந்தது. நான்காவதை நானே முழங்கைப் பெரிய நரம்பில் எடுத்தேன், அதுவும் சிவப்பு. சலம் தேயிலைச் சாயம் மாதிரிப் போனது. அதைச் சென்ரிபியூஜில் சுற்றியும் மேலே தெளியவில்லை. உடைவு உடம்புக்குள்ளேயே நடக்கிறது. அந்தத் தாள்களை நம்பி ஊசியையும் சிரிஞ்சையும் குறை சொல்லிக்கொண்டு ஒரு இரவை விட்டோம்.

கோப்பாய் லாப்
இதை நான் யோசிக்கவே இல்லை. அப்படியென்றால் ஒரே ஆளின் இரண்டாவது மாதிரியும் சிவந்தால் படிவம் போகக்கூடாது. டொக்டருக்குப் போன் போகவேண்டும். பாம்புக்கடி, இரத்தம் ஏற்றியது, ஜீ6பீடீ குறைவு ஏதும் உண்டா என்று கேட்கவேண்டும். பெயர் மாறிய போத்தலுக்கு என்ன செய்வது?

இரவுப்பணி மிஸ்
அதில் கொஞ்சம் இரக்கம் வேண்டும். நோயாளியின் பி.எச்.ரி இலக்கத்தில் ஒரு எழுத்துப் பிழைத்தால் நான் ஓடிவந்து திருத்திவிட்டுப் போகிறேன். அந்தப் பிள்ளையைத் திரும்பக் குத்தவேண்டுமா?

பழைய எம்.எல்.ரி
மிஸ், இதில் நான் இறங்கமாட்டேன். 11ஆம் கட்டிலிலும் 12ஆம் கட்டிலிலும் கந்தசாமி. மேசையில் வைத்தே எல்லாப் போத்தலிலும் லேபிள் ஒட்டி, தட்டில் அடுக்கிக்கொண்டு போகிறார்கள். தட்டு ஒருதரம் திரும்பினால் போத்தலும் றிக்குவெஸ்ற் போமும் அழகாகப் பொருந்தும், உள்ளே இருப்பது மட்டும் மற்றவரின் இரத்தம். இதை லாப்பில் கண்ணால் பிடிக்கமுடியாது. நேற்று 480 இருந்த கிரியேற்றினின் இன்று 75 என்று வந்தால்தான் சந்தேகம் வரும். இரத்த வங்கிக்குப் போகும் மாதிரியாக இருந்தால் அது உயிர். எழுத்துப் பிழைத்த போத்தலும் அதே தட்டில் வந்ததுதான். அதனால் திருத்த விடமாட்டேன், திரும்ப எடுக்கவேண்டும். முள்ளந்தண்டு நீர் போல திரும்ப எடுக்கக் கஷ்டமானதுக்கு மட்டும், எடுத்த டொக்டரே வந்து பார்த்துக் கையெழுத்து வைக்கலாம்.

இரவுப்பணி மிஸ்
லேபிளைக் கட்டிலடியில், எடுத்த பிறகு, பெயரை நோயாளியிடமே கேட்டு எழுதவேண்டும் என்கிறீர்கள். தெரியும். இரவு 2 மணிக்குப் பேனை பிடிக்க இன்னொரு கை இல்லை என்பதும் உங்களுக்குத் தெரியவேண்டும்.

கோப்பாய் லாப்
பெயர்க் கட்டத்தை எடுத்துவிட்டேன். மூன்று கேள்வியும், "இதே நோயாளியின் முந்திய மாதிரியும் சிவப்பா" என்ற வரியும் சேர்த்திருக்கிறேன். ஹீமோலைஸ் கண்டவுடன் போன், தாள் பிறகு. லேபிள் பிழைக்கு எடுத்தவர் பெயர் வேண்டுமா என்பதில் எனக்கு இன்னும் தெளிவில்லை.

இரவுப்பணி மிஸ்
பெயர் கேட்டால் எங்கள் வாட்டில் ஒருவரும் நிரப்பமாட்டார்கள். கேட்காவிட்டால் நான் நிரப்புகிறேன். கனுலா என்றால் கனுலா என்றே எழுதுவேன்.

பழைய எம்.எல்.ரி
இரத்த வங்கி மாதிரிக்கு மட்டும் பெயர் வேண்டும் மிஸ். அதில் நான் மாறமாட்டேன்.