முதல் ட்ரோபோனின் 9, மூன்று மணி நேரம் கழித்து 64

மதுரைக்காரன்:
போன மாதம் விடியற்காலை நாலு மணிக்கு அப்பாவுக்கு நெஞ்சை அழுத்துகிற வலி, பனியன் நனைகிற அளவுக்கு வியர்வை. 4.40க்கு எமர்ஜென்சியில் ரத்தம் எடுத்தார்கள். ஈசிஜி நார்மல். இதயத் தசை சேதமானால் ரத்தத்தில் ஏறுகிற ட்ரோபோனின் டி 9. அதே தாளில் 14 வரை நார்மல் என்று அச்சாகியிருந்தது. வலியும் குறைந்துவிட, "கேஸ்தான், வீட்டுக்குப் போகலாம்" என்று அப்பா சட்டையை மாட்டிக்கொண்டார். டியூட்டி டாக்டர் விடவில்லை. "வலி வந்து முக்கால் மணி நேரம்கூட ஆகலை. 7.40க்கு மறுபடி எடுத்துட்டுச் சொல்றேன்" என்றார். இரண்டாவது ரிசல்ட் 64. அன்றே ஆஞ்சியோ, ஸ்டென்ட். அந்தச் சட்டையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

சேலத்து மாமா:
எங்கள் ஊரில் கார்டு டெஸ்ட்தான். ஒரே கோடு வந்தால் நெகட்டிவ். ஈசிஜியும் சரியாக இருந்தால் ஹார்ட் பிரச்சினை இல்லை என்று நிம்மதியாகக் கிளம்பலாம்.

கேஷுவாலிட்டி நர்ஸ்:
மாமா, கோட்டைப் பற்றிச் சொன்னது சரி. கிளம்பலாம் என்பதுதான் ஆபத்து. இதயத் தசை சேதமான பிறகே ட்ரோபோனின் ரத்தத்தில் கசியும். அளக்கிற அளவுக்குச் சேர இரண்டு மூன்று மணி நேரம்கூட ஆகலாம். கார்டில் தெரிய இன்னும் தாமதமாகும், அதனால் ஆறு மணி நேரமாவது கழித்து மறுபடி போடுவோம். இரண்டுமே நார்மலாக வந்து, வலி மட்டும் திரும்பத் திரும்ப வருகிறவர்களையும் அனுப்ப மாட்டோம். தசை சாகாமலே அடைப்பு இருக்கலாம்.

திருச்சி அகிலா:
என் அம்மா டயாலிசிஸ் நோயாளி. மூச்சுத் திணறலுக்குப் போனபோது 61. அட்டாக் என்றே நினைத்து அழுதுவிட்டேன். மூன்று மணி நேரம் கழித்து 60. கிட்னி நோயில் எப்போதும் இப்படிக் கூடுதலாக இருக்கலாம் என்றார்கள். கடைசியில் நுரையீரலில் நீர் கோத்திருந்தது.

கேஷுவாலிட்டி நர்ஸ்:
ஆமாம் அக்கா. இங்கே 61 என்ற எண்ணைவிட அது ஏறாமல் நின்றதுதான் முக்கியம். மதுரை அண்ணனின் அப்பாவுக்கு 9 என்பது 64 ஆக ஏறியது.

கோவை ரவி:
அப்படியானால் வருடாந்தர செக்கப்பில் இதையும் சேர்க்கலாமா?

கேஷுவாலிட்டி நர்ஸ்:
வலி இல்லாதவருக்கு அடைப்பு இருக்கிறதா என்று பார்க்கிற டெஸ்ட் இல்லை, சார்.

மதுரைக்காரன்:
சில இடங்களில் ஒரு மணி நேரத்திலேயே இரண்டாவதை எடுத்துவிடுகிறார்களே, அது போதுமா?

கேஷுவாலிட்டி நர்ஸ்:
மெஷினைப் பொறுத்தது. நுட்பமாக அளக்கிற மெஷினில் முடியும். ஆனால் உங்கள் அப்பா மாதிரி வலி வந்த உடனே வருகிறவர்களுக்கு ஒரு மணி நேரம் போதுமா என்பதில் எங்கள் டாக்டர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. மூன்றாவது முறையும் எடுக்கச் சொல்கிறவர்கள் உண்டு.

தஞ்சை வாசு:
அண்ணனுக்கு நேற்று ராத்திரி வலி. ஒரே டெஸ்ட், நெகட்டிவ், கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிட்டார். இப்போது எடுத்தால் தெரியுமா?

கேஷுவாலிட்டி நர்ஸ்:
தெரியும், ஏறியிருந்தால் சில நாட்கள் இறங்காது. லேபுக்குப் போகாதீர்கள், நேராக எமர்ஜென்சிக்குப் போங்கள். பழைய ரிப்போர்ட்டையும் ஈசிஜியையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், வண்டியை அவர் ஓட்ட வேண்டாம்.

தஞ்சை வாசு:
கிளம்பிவிட்டோம்.