புதுப்பிப்பு: அறுபதாம் கல்யாணப் படம், ஆறடிக்கு நாலடி

என் பழைய கேள்வி: “ஒட்டிச் சேர்த்த குடும்பப் படம் 2048 பிக்சல் அகலம். படத்தை டைல் டைலாக, அதாவது துண்டு துண்டாக வெட்டிப் பெரிதாக்கும் ஏஐ கருவியில் நாலு மடங்காக்கினால், படத்திலுள்ள சுவரில் கட்டம் தெரிகிறது, அப்பா முகத்தில் இல்லாத தோல் துளைகள் முளைக்கின்றன. என்ன செய்ய?”

ராயபுரம் கடையில் பிரிண்ட் வந்துவிட்டது.

டைல்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும் ஓவர்லேப்பைக் கூட்டச் சொன்ன தம்பி சொன்னது பாதி சரி. 64 பிக்சலிலிருந்து 192 ஆக்கியதும் கோடு மறைந்தது, ஆனால் வெற்றுச் சுவரில் டைலுக்கு டைல் நிறம் திட்டுத்திட்டாக மாறியது. தண்டையார்பேட்டை அண்ணன் சொன்ன வழிதான் தீர்த்தது: ஏஐ எவ்வளவு புதிதாக வரையலாம் என்று சொல்லும் `denoise` 0.35-ஐ 0.2-க்கு இறக்கி, நிறத்தை மட்டும் ஏஐ இல்லாமல் சாதாரண முறையில் பெரிதாக்கிய பிரதியிலிருந்து எடுத்தேன். ஏஐக்கு நாம் எழுதிக் கொடுக்கும் முழுப் படத்தின் வர்ணனையே ஒவ்வொரு டைலுக்கும் போவதால், வெறும் சுவர் உள்ள டைலில்கூட முகம் வரப் பார்க்கும். அதனால் வர்ணனையையும் காலியாக விட்டேன்.

தோல் பகுதியை மட்டும் பிரிக்கும் மாஸ்க் போட்டு, அங்கே அந்தச் சாதாரணப் பிரதியையே வைத்தேன். முகம் மட்டும் வழவழவென்று தனித்துத் தெரிந்தது. கடைசியில் படம் முழுக்க பொடிப்புள்ளியாக ஒரே மெல்லிய கிரெய்ன் தூவியதும் சமமானது. கட்டம் மிச்சமிருக்கிறதா என்று பார்க்க, கான்ட்ராஸ்ட்டைக் கண்டபடி ஏற்றிப் பாருங்கள். நேர்கோடு இருந்தால் காட்டிக்கொடுத்துவிடும்.

கிழிந்த பழைய போட்டோவைப் பற்றிக் கேட்ட அக்கா, அது வேறு வேலை. அப்பாவின் தாடி ஓரத்தில் மாஸ்க் எங்கே முடிய வேண்டும் என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை. யாராவது செய்து பார்த்திருந்தால் சொல்லுங்கள்.